ஜன்னல் கம்பி எதைப் பிடித்து நிற்கிறது?

2024 ஏப்ரல் கடைசியில், ஆவடிக்குப் பக்கத்தில் திருமுல்லைவாயலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடி பால்கனியிலிருந்து தவறிய கைக்குழந்தை ஒன்று, கீழே நீட்டிக்கொண்டிருந்த தகரக் கூரையில் விழுந்து அதன் விளிம்புக்கு உருண்டு வந்து நின்றது. கீழே சிலர் பெட்ஷீட்டை விரித்துப் பிடித்துக்கொள்ள, முதல் மாடி ஜன்னல் வழியாக வெளியே ஏறிய ஒருவர் எட்டிப் பிடித்துக் குழந்தையைக் கீழே இறக்கினார். குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தக் காணொளியை நாடே பார்த்தது. ஆனால் அதைத் தொடர்ந்த பேச்சு பெரும்பாலும் தாயின் கவனக்குறைவைச் சுற்றியே போனது. அந்தப் பால்கனி எப்படிக் கட்டப்பட்டிருந்தது, அங்கே வேறு என்ன தடுப்பு இருந்திருக்கலாம் என்ற கேள்வி அதில் அமுங்கிவிட்டது.

இந்தக் கேள்வியை ஒரு நகரம் அரை நூற்றாண்டுக்கு முன்பே எடுத்துக்கொண்டது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 1972இல் 'குழந்தைகளால் பறக்க முடியாது' என்ற பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. மாடியிலிருந்து விழும் குழந்தைகளைப் பற்றி மருத்துவமனைகளும் காவல்துறையும் தகவல் தர வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் அந்த வீடுகளுக்கு நேரில் போய்ப் பேச வேண்டும். ஆபத்து அதிகமுள்ள பகுதிகளில் ஜன்னல் தடுப்புக் கம்பிகளை இலவசமாகவே கொடுக்க வேண்டும். 1973க்கும் 1975க்கும் இடையில் பிராங்க்ஸ் பகுதியில் பதிவான விழுதல்கள் பாதியாகக் குறைந்தன. 1976இல் அது சட்டமானது. மூன்று வீடுகளோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளை குடியிருந்தால், ஜன்னலுக்குத் தடுப்பு போடுவது கட்டட உரிமையாளரின் கடமை. பெற்றோரைப் பார்த்து 'ஜாக்கிரதை' என்று சொல்வதோடு அந்த நகரம் நின்றுவிடவில்லை என்பதுதான் இதில் முக்கியம். ஒரு நிமிடம் கண் அயரும் தாயும் தந்தையும் எல்லா ஊரிலும் உண்டு. அந்த ஒரு நிமிடத்தைத் தாங்கிக்கொள்ளும் ஜன்னல்தான் வேண்டும் என்று அது முடிவெடுத்தது.

அப்படி ஒரு ஜன்னல் தாங்குமா இல்லையா என்பது மூன்று விஷயங்களில் இருக்கிறது: கம்பிகளின் இடைவெளி, அதில் கால் வைத்து ஏற முடியுமா என்பது, அது சுவரில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது. முதல் இரண்டையும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். மூன்றாவது பூச்சுக்குள் மறைந்திருப்பது. நம் வீடுகளில் அதிகம் கோட்டை விடுவதும் அதில்தான்.

இடைவெளியிலிருந்து தொடங்குவோம். பல நாடுகளின் கட்டட விதிகள் 10 செ.மீ. என்ற ஓர் அளவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 10 செ.மீ. விட்டமுள்ள உருண்டை எந்த இடுக்கிலும் நுழையக் கூடாது என்பதே சோதனை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் 6 அங்குலம் வரை அனுமதித்து, பிறகு 4 அங்குலத்துக்கு இறக்கினார்கள். சின்னக் குழந்தையின் இடுப்பும் மார்பும் தலையைவிட ஒடுங்கியவை. கால் முதலில் நுழையும், வயிறு வழுக்கிக்கொண்டு போகும், தலை மாட்டிக்கொள்ளும். அதாவது 5 அல்லது 6 அங்குல இடைவெளியில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன: ஒன்று, முழு உடலும் வெளியே போவது, இன்னொன்று, கழுத்தில் தொங்குவது. ஐரோப்பிய விளையாட்டுத் திடல் தரநிலை இந்தத் தலை மாட்டும் அபாயத்தைத்தான் குறிவைக்கிறது. 8.9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட திறப்பே கூடாது என்கிறது அது. தொட்டில் கட்டிலுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு இன்னும் குறுகல், 6 செ.மீ. அதில் படுப்பது அதைவிடச் சின்னக் குழந்தை.

இந்த மூன்று அளவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நம் வீட்டுக்கு ஒரு கணக்கு கிடைத்துவிடும். பட்டறைக்காரரிடம் சொல்ல வேண்டிய உச்ச வரம்பு 9 செ.மீ. தரையிலிருந்தே தொடங்கும் பிரெஞ்ச் விண்டோ, பால்கனிக் கம்பி ஆகியவற்றில், தவழும் குழந்தை இருக்கும் வீடு என்றால், முழங்கால் உயரம் வரை 3 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 7.5 செ.மீ.க்கு இறக்கிக்கொள்வது நல்லது.

அளவு சொல்லும்போது ஒரு குழப்பம் வரும். பட்டறையில் 'அஞ்சு இஞ்ச் கேப்' என்றால், சில இடங்களில் அது ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவரை என்று பொருள்படும்; சில இடங்களில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவிலுள்ள வெற்றிடம். பிள்ளைக்கு வெற்றிடம்தான் கணக்கு. 4 அடி அகல ஜன்னலை எடுத்துக்கொள்வோம், உள்அளவு 120 செ.மீ. என்று வைப்போம். 12 மி.மீ. சதுரக் கம்பியை நிமிர்த்தி ஒன்பது நிறுத்தினால் ஒவ்வொரு இடைவெளியும் 10.9 செ.மீ. ஆகிவிடும், தேறாது. பத்து நிறுத்தினால் 9.8 செ.மீ.; கட்டட விதிக்குத் தேறும், ஆனால் ஒரு கம்பி கொஞ்சம் வளைந்தாலும் வரம்பைத் தாண்டிவிடும். பதினொன்று நிறுத்தினால் 8.9 செ.மீ. ஒரே ஒரு கம்பியின் விலைதான் வித்தியாசம். கடைசிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடத்தையும் இதேபோல அளக்க வேண்டும். நடுவில் எல்லாம் ஒழுங்காக இருந்து, ஓரத்தில் கை அகலம் விட்டுவிட்டுப் போன கிரில்கள் ஊரெங்கும் உண்டு.

முடிந்த கிரில்லைச் சோதிக்க, ஒவ்வொரு பக்கமும் 9 செ.மீ. உள்ள கனசதுரமாக ஒரு தெர்மக்கோல் துண்டை வெட்டி, ஒவ்வோர் இடுக்கிலும், பூவேலைப்பாட்டின் வளைவுகளிலும், கீழ் விளிம்பிலும் நுழைத்துப் பார்த்தால் போதும்.

இனி ஏறுவது. நம்மூர் கிரில்லில் படுக்கைக் கம்பிகள் அதிகம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏணிதான். அடுக்குமாடிகளில் தரைக்கு மேல் 15 செ.மீ.யிலிருந்து 76 செ.மீ. வரை கால் வைத்து ஏற உதவும் எதுவும் பால்கனித் தடுப்பில் இருக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியக் கட்டட விதி சொல்கிறது. உயரம் மட்டும் போதாது என்பதை அந்த விதி புரிந்துகொண்டிருக்கிறது. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு பால்கனிக் கைப்பிடி 1 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆனால் அந்த 1 மீட்டரை எங்கிருந்து அளப்பது? கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு பூந்தொட்டி ஸ்டாண்டோ, வாஷிங் மெஷினோ, ஏசியின் வெளிப்பெட்டியோ இருந்தால், பிள்ளையின் கால் நிற்கும் இடம் அதன் தலைப்பகுதி. 45 செ.மீ. உயர பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று அங்கே வந்துவிட்டால், 1 மீட்டர் தடுப்பு 55 செ.மீ. தடுப்பாகிவிடுகிறது. ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டாலும் இதே கதைதான். கிரில் ஏற்கெனவே படுக்கைக் கம்பியாக இருந்தால், அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. ஜன்னல் முழுவதையும் மூடும் கிரில்லில் பிள்ளை ஏறினாலும் வெளியே போக வழி இல்லை. பாதி உயரத்தில் நின்றுவிடும் பால்கனிக் கிரில்லுக்குத்தான் உள்பக்கம் வழுவழுப்பான அக்ரிலிக் தகடு அடிக்கவோ, மேல்கூரை வரை தடுப்பை உயர்த்தவோ வேண்டும்.

கொசுவலைச் சட்டத்தை ஒரு தடுப்பாக எண்ணவே கூடாது. அது கொசுவுக்குப் போட்டது. பிள்ளை சாய்ந்தாலே சட்டத்தோடு பிதுங்கிக்கொண்டு வெளியே போய்விடும். வலை இருக்கிறதே என்று ஜன்னலைத் திறந்து வைக்கும் வீட்டில் ஆபத்து கூடத்தான் செய்யும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2018 மார்ச் முதல், அடுக்குமாடிகளில் பிள்ளை விழக்கூடிய ஜன்னல்கள் 12.5 செ.மீ.க்கு மேல் திறக்காதபடி ஒரு பூட்டுச் சாதனம் இருந்தாக வேண்டும். அந்தச் சாதனம் 250 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 25 கிலோ வெளித்தள்ளலைத் தாங்க வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ள வசதியான எண் இது. வீட்டில் போடும் எந்தத் தடுப்பும், அதன் மிக பலவீனமான இடத்தில், குறைந்தது இந்த அளவைத் தாங்கியே ஆக வேண்டும்.

அந்த பலவீனமான இடம் பெரும்பாலும் கம்பி கிடையாது, பொருத்தும் இடம். 12 மி.மீ. இரும்புக் கம்பியைப் பிள்ளையால் என்ன செய்ய முடியும்? ஆனால் அந்தக் கிரில்லை நான்கு மூலையிலும் சின்ன ஸ்க்ரூவால் பூச்சில் பிடித்து வைத்திருந்தால், முழுக் கிரில்லும் பிள்ளையோடு சேர்ந்து போகும்.

பழைய முறையில், வீடு கட்டும்போதே கிரில் சட்டத்தில் 'ஹோல்ட் ஃபாஸ்ட்' என்ற பட்டைத் துண்டை வெல்டு வைத்து, அதன் நுனியை மீன்வால்போல் பிளந்து, செங்கல் சுவருக்குள் குழி எடுத்துக் கான்கிரீட் போட்டுப் புதைப்பார்கள். அது சுவர் இடிந்தால்தான் பிடுங்கிக்கொண்டு வரும். குடிவந்த பிறகு போடும் கிரில்லில் இது நடப்பதில்லை. துளை போட்டு, பிளக்கோ ஆங்கர் போல்ட்டோ செருகி முடிக்கிறார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

முதலாவது, எந்தப் பக்கத்தில் பொருத்துவது என்பது. கிரில்லைச் சுவரின் வெளிமுகத்தில் படுக்க வைத்து, போல்ட்டை வெளியிலிருந்து உள்நோக்கி அடித்தால், பிள்ளை உள்ளிருந்து தள்ளும் விசை போல்ட்டை நேராகப் பிடுங்கும் திசையில் போகும். துளைக்குள் இருக்கும் பிளக்கின் பிடி மட்டுமே அதைத் தடுக்க வேண்டும். அதே கிரில்லை ஜன்னல் குழிக்குள் நிறுத்தி, போல்ட்டை இடது வலது பக்கச் சுவர்களுக்குள் பக்கவாட்டில் அடித்தால், தள்ளும் விசை போல்ட்டுக்குக் குறுக்கே விழும். அது நழுவி வராது. ஒன்று போல்ட் அறுபட வேண்டும், அல்லது சுவரின் விளிம்பு உடைய வேண்டும். ஒரே போல்ட்டுக்கு இந்த இரண்டு நிலையிலும் உள்ள பாதுகாப்பு வித்தியாசம் மிகப் பெரியது. குழிக்குள் பொருத்துவதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: கட்டடத்தின் வெளித்தோற்றம் கெடுகிறது என்று மறுக்கும் சங்கங்களும் இதை ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, துளை எதற்குள் போகிறது என்பது. சுவர்ப்பூச்சு 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும், பிடிப்பில் அதற்குப் பங்கு இல்லை. 50 மி.மீ. பிளக்கில் 15 மி.மீ. பூச்சுக்குள் நின்றுவிட்டால், மிச்சம் 35 மி.மீ.தான் சுவரைப் பிடிக்கிறது. கான்கிரீட்டில் அது போதலாம், செங்கலில் போதாது. இன்றைய உயரக் கட்டடங்களில் பல சுவர்கள் ஏஏசி என்கிற இலேசான பிளாக்கால் கட்டப்படுகின்றன. அதில் துளை போடும்போது மாவுபோல வெண்தூள் கொட்டும், எதிர்ப்பே இருக்காது. விரிந்து பிடிக்கும் சாதாரண ஆங்கர் போல்ட் அங்கே சுவரையே நசுக்கித் தளர்ந்துவிடும். அதற்கென்று உள்ள நீளமான நைலான் பிளக்கையோ ரசாயனப் பசை ஆங்கரையோதான் போட வேண்டும். செங்கல் கொட்டும் தூள் சிவப்பாக இருக்கும். கான்கிரீட் தூள் சாம்பல் நிறம், மெஷின் முனகும். துளை போடும்போது பக்கத்தில் நின்று தூளின் நிறத்தைப் பார்ப்பவருக்கு, தன் சுவர் எது என்று தெரிந்துவிடும்.

தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக் அடித்தாலும் பிடி குறையும். பசை ஆங்கரில் இது மிகவும் மோசம், பசை தூளில் ஒட்டிக்கொண்டு சுவரை விட்டுவிடும். சுவரின் விளிம்பை ஒட்டி 2, 3 செ.மீ.யில் அடிக்கும் விரிபோல்ட் அந்த விளிம்பையே பெயர்த்துவிடும். யுபிவிசி அல்லது அலுமினிய ஜன்னல் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு கிரில்லைத் தொங்கவிடும் வழக்கமும் பரவியிருக்கிறது. அந்தச் சட்டம் கண்ணாடியைத் தாங்கச் செய்தது. பிள்ளையின் எடையை அதன்மீது நம்பிவிடக் கூடாது. 4 அடி ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் குறைந்தது மூன்று மூன்று இடத்தில் சுவரோடு பிடிப்பு இருக்கட்டும்.

பட்டறையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கம்பியைப் பட்டையில் துளையிட்டு நுழைத்திருக்கிறார்களா, இல்லை முனையை ஒட்டி வெறும் 'டாக்' வைத்து விட்டிருக்கிறார்களா? டாக் என்பது முழு வெல்டுக்கு முன் கம்பியை நிற்க வைக்கும் ஒரு புள்ளி. அதன்மீது பெயின்ட் பூசிவிட்டால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். கடலோரக் காற்றில் துரு முதலில் தொடங்குவதும் அந்தப் புள்ளியில்தான். பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது அரைமணி நேர வேலை.

இப்போது சென்னையின் புதிய குடியிருப்புகளில் பரவிவரும் 'இன்விசிபிள் கிரில்' வேறு வகை. சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் பரவலான இந்த முறையில், 2 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக்கயிறுகளுக்கு நைலான் உறை போட்டு, மேலும் கீழும் அலுமினியத் தடத்தில் இறுக்கி நிறுத்துகிறார்கள். காட்சியை மறைக்காது என்பதால் மக்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் இது விறைப்பான கம்பியன்று, இழுத்துக் கட்டிய கயிறு. தரையிலிருந்து கூரை வரை 8 அடி நீளமுள்ள கயிற்றின் நடுவில் ஒரு பிள்ளை தோளால் அழுத்தினால் அது பல சென்டிமீட்டர் விலகும். எனவே 4 அங்குல இடைவெளியில் போட்ட கயிறு, அழுத்தத்தில் 4 அங்குலமாக இருக்காது. இதற்கு இடைவெளி 2 அங்குலம் என்றே கேட்க வேண்டும். உயரமான பால்கனியில் நடுவில் ஒரு குறுக்குப் பிடிப்பும் வேண்டும். கயிற்றைத் தட்டினால் இறுக்கம் ஒலியிலேயே தெரியும். ஒன்று மட்டும் தொய்ந்த ஒலி தந்தால் அந்தக் கயிற்றின் முனை நழுவத் தொடங்கிவிட்டது என்று பொருள். கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு 316 ரக ஸ்டீல்தான் சரி, உப்புக்காற்றைத் தாங்கும் மாலிப்டினம் அதில் இருக்கிறது. விலை குறைந்த 202 ரகமும் கடையில் 'எஸ்எஸ்' என்ற பெயரிலேயே கிடைக்கும். ரகத்தை பில்லில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வலையைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கறாராகவே இருக்கும். புறா வராமல் இருக்க அடித்த வலை, பிள்ளைக்கான தடுப்பாகிவிடாது. நைலானோ எச்டிபிஈயோ, நூல் புதிதில் பலமானதுதான். ஆனால் அதை ஓரத்தில் பிடிப்பது, பூச்சில் அடித்த சின்னக் கொக்கிகளும், பால்கனிக் கம்பியில் கட்டிய பிளாஸ்டிக் கேபிள் டைகளும். வெயிலில் முதலில் மொறுமொறுத்து உடைவது அந்த டை. பிள்ளை வலையின் நடுவில் சாய்ந்தால், விசை முழுவதும் ஓரத்துக்குப் போய், ஒரு கொக்கி கழன்றதும் அடுத்ததுக்கு இன்னும் கூடி, ஜிப் பிரிவதைப் போல வரிசையாகப் பிரிந்துகொண்டு போகும். ஒழுங்காகச் செய்யும் வலையில் சுற்றிலும் ஒரு தடித்த ஓரக்கயிறு அல்லது ஸ்டீல் கயிறு ஓடும், ஒவ்வோர் அடிக்கும் குறையாமல் ஒரு மூடிய வளையக் கொக்கி இருக்கும், கொக்கிகள் பக்கச் சுவரிலும் கூரையின் அடிப்பாகக் கான்கிரீட்டிலும் நிற்கும், கீழ் விளிம்பும் தரையோடு கட்டப்பட்டிருக்கும். கண்ணி 4.5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கண்ணி பெரிதாகப் பெரிதாகக் கால் நுழைத்து ஏறத் தோதாகிவிடும்.

கட்டுமானத் தளங்களில் பயன்படும் பாதுகாப்பு வலைகளுக்கான ஐரோப்பியத் தரநிலையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வலையோடு சேர்த்துச் சில சோதனை நூல்களையும் கட்டிவிடுவார்கள். அவையும் அதே வெயிலில் காயும். ஆண்டுக்கு ஒருமுறை அதில் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்து, வலை இன்னும் தேறுகிறதா என்று முடிவெடுப்பார்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். வலை போடும் நாளில் மிச்சத்தில் ஒரு துண்டை பால்கனியின் வெயில் படும் மூலையில் கட்டி வைத்து, இன்னொரு துண்டை அலமாரிக்குள் வைக்க வேண்டும். ஒவ்வொரு கோடை முடிவிலும் இரண்டிலும் ஒரு நூலை முறுக்கி இழுத்துப் பார்த்தால், வெயில் தின்ற அளவு கைக்கே தெரிந்துவிடும். தொட்டால் வெண்பொடி ஒட்டினாலோ, முறுக்கும்போதே இழை பிரிந்தாலோ வலையை மாற்றியாக வேண்டும். எப்படிப் போட்டாலும் வலை இரண்டாவது தடுப்புதான். அதற்குப் பின்னால் ஒழுங்கான உயரத்தில் ஒரு திடமான கைப்பிடித் தடுப்பு இருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்த வீட்டில் ஒரு புதிய ஆபத்து பிறக்கிறது. 2021 செப்டம்பரில் பெங்களூரில் ஓர் அடுக்குமாடியில் தீப்பிடித்தபோது, கிரில் போட்டு அடைத்த பால்கனியில் சிக்கிய ஒரு பெண் வெளியே வர வழியில்லாமல் இறந்தார். அவரது தாயும் அதே தீயில் போனார். எல்லாத் திறப்பையும் அடைப்பது பாதுகாப்பாகாது. நியூயார்க் சட்டம்கூடத் தீ வெளியேற்றப் படிக்கட்டுக்குப் போகும் ஜன்னலில் தடுப்பு போடக் கூடாது என்று விலக்கி வைக்கிறது. நம் வீட்டில் குறைந்தது ஒரு ஜன்னலிலாவது கிரில்லில் திறக்கும் கதவு வேண்டும். பெரியவர் ஒருவர் புகுந்து வர 50 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் குறைந்தபட்சம். தீயணைப்புப் படையின் ஏணியோ பக்கத்து மாடியோ எட்டும் பக்கமாக அது அமைய வேண்டும். தாழ்ப்பாள் தரையிலிருந்து 5 அடி உயரத்தில், அழுத்தி, பிறகு இழுத்துத் திறக்கும் இரட்டைச் செயலாக இருந்தால் பிள்ளைக்கு எட்டாது, புகையில் தடவும் பெரியவருக்கு எட்டும். தொங்கு பூட்டு வேண்டாம். அந்தச் சாவி தேவைப்படும் இரவில் கிடைக்காது. மாதம் ஒருமுறை திறந்து பார்க்காவிட்டால் கீல் துருவில் இறுகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் யார் செய்வது என்பதில்தான் நம் ஊரில் சிக்கல். பிள்ளைகளோடு குடியிருப்பவர்களில் பலர் வாடகைக்காரர்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவருக்குச் சுவரில் துளை போட அனுமதியில்லை. உரிமையாளருக்கு அவசரமில்லை. சங்கம் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறது. மூவருக்கும் நடுவில் ஜன்னல் அப்படியே இருக்கிறது. அதனால் வாடகைக்காரர்கள், ஒட்டு டேப்பிலும் கேபிள் டையிலும் நிற்கும் வலையோடு திருப்தியடைய வேண்டியிருக்கிறது; பாதுகாப்பு இருக்கிறது என்ற பொய்த் தைரியத்தை அது தருவதால், ஒன்றும் இல்லாததைவிட அது மோசம்.

குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டடத்துக்குப் பொருந்தும் ஒரே ஒரு வடிவத்தை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகப் போடுங்கள்: ஜன்னல் குழிக்குள் நிற்கும் நிமிர்ந்த கம்பி, 9 செ.மீ.க்கு மேற்படாத இடைவெளி, பக்கச் சுவரில் பிடிப்பு, ஓர் அவசரத் திறப்பு. எந்தச் சுவர் கான்கிரீட், எது ஏஏசி பிளாக் என்பது கட்டுநரின் வரைபடத்தில் இருக்கும். அதை வாங்கி அலுவலக அறையில் ஒட்டி வையுங்கள். வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர்கள், பத்து வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள குடும்பம் வந்தால் சாவியைக் கொடுப்பதற்கு முன் கம்பியைப் போட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், வேலை செய்தவரே உள்ளிருந்தபடி, தரையில் இரண்டு காலும் ஊன்றி நின்று, இரண்டு கையாலும் ஒவ்வொரு மூலையையும் வெளிநோக்கித் தள்ளிக் காட்டட்டும்.